அழுத்தம் நிற்கும், ஓட்டம் குறையும்: குருதியிழப்பில் உடலின் ஈடுகட்டலும் அதன் முறிவும்



இன்றைய உரையின் பொருளை ஒரு சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். “அதிர்ச்சி” என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல் மனத்தின் நிலையைக் குறிக்கிறது. எதிர்பாராத செய்தியைக் கேட்டவர் அதிர்ச்சியடைந்தார் என்கிறோம். மருத்துவத்தில் அதே சொல் வேறொன்றைக் குறிக்கிறது. உடலின் திசுக்களுக்குத் தேவையான அளவு குருதி சென்று சேராத நிலையே மருத்துவர் கூறும் அதிர்ச்சி. அந்நிலையில் உள்ளவர் மனம் கலங்காமல், கேட்ட கேள்விக்கெல்லாம் தெளிவாக விடை சொல்லிக்கொண்டிருக்கவும் கூடும். இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில், குருதியிழந்த ஒருவர் “நன்றாகத்தான் பேசுகிறார்” என்று சுற்றியிருப்போர் எண்ணுகின்ற நேரத்தில்தான், உடல் தன் சேமிப்பை வேகமாகச் செலவிட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தச் சேமிப்பு யாது, அது எந்த வரிசையில் செலவாகிறது, ஒரு கட்டத்திற்குப் பின் உடலின் தற்காப்பே ஏன் உடலுக்கு எதிராகத் திரும்புகிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

உடல் எதை அளக்கிறது?

எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆடவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி இருக்கிறது. ஓய்வில் அவருடைய இதயம் நிமிடத்திற்கு 72 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. இரண்டையும் பெருக்கினால் நிமிடத்திற்கு 5 லிட்டர். அதாவது, உடலில் உள்ள குருதி முழுவதும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது.

திசுக்கள் வாழ்வதற்கு வேண்டியது இந்த ஓட்டமே. ஆனால், உடலில் ஓட்டத்தை நேரடியாக அளக்கும் பெருங்கருவி எதுவும் இல்லை. கழுத்தில் மூளைக்குச் செல்லும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் நரம்பு முனைகள் சில உள்ளன. தமனிச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை அவை உணர்ந்து மூளையின் அடிப்பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. அவை அளப்பது அழுத்தத்தை. எனவே, உடல் காக்க முனைவதும் முதலில் அழுத்தத்தையே.

அழுத்தம் இரண்டின் பெருக்கம்: ஓட்டமும், அந்த ஓட்டத்திற்குக் குழாய்கள் தரும் தடையும். ஓட்டம் குறையும்போது தடையை உயர்த்தினால் அழுத்தம் மாறாமல் நிற்கும். வீட்டின் நீர்க்குழாயில் நீர்வரத்து குறைந்தால், குழாயின் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சும் வேகத்தைக் காப்பதைப் போன்றது இது. பீய்ச்சும் வேகம் நிற்கிறது. வாளியில் சேரும் நீர் குறைகிறது. குருதியிழப்பின் முழுக் கதையும் இந்த ஒரு வேறுபாட்டினுள் அடங்கியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 25, எடை 70 கிலோ, நோய் எதுவும் இல்லை. மழை பெய்த மாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, கைப்பிடி இடது விலாவின் கீழ் இடித்துவிட்டது. வெளியே சிராய்ப்பு மட்டுமே தெரிகிறது. உள்ளே மண்ணீரல் கிழிந்து, வயிற்றறைக்குள் நிமிடத்திற்கு 25 மில்லிலிட்டர் குருதி கசிகிறது. உண்மையில் கசிவு ஒரே சீராக இராது. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு அவ்வாறு கொள்வோம். தொடக்கத்தில் அவருடைய நாடித்துடிப்பு 72, குருதியழுத்தம் 120/80.

முதல் கட்டம்: சிரைகள் தரும் கடன்

இருபது நிமிடங்கள் கழிகின்றன. இழப்பு 500 மில்லிலிட்டர். பத்தில் ஒரு பங்கு. இது குருதிக்கொடை முகாமில் ஒருவர் தரும் 350 முதல் 450 மில்லிலிட்டரைவிடச் சற்றே கூடுதல். கொடையளித்தவர் சிறிது நேரம் அமர்ந்து, ஏதேனும் பருகிவிட்டு வீடு திரும்புகிறார் அல்லவா? நம் எடுத்துக்காட்டில் உள்ளவரும் அப்படித்தான் இருக்கிறார். நாடித்துடிப்பு 80, அழுத்தம் 120/82.

இவ்வளவு இழந்தும் ஏன் மாற்றம் தெரியவில்லை? உடலின் குருதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் சிரைகளில் தங்கியிருக்கிறது. சிரைகள் குழாய்கள் மட்டுமல்ல, கிடங்குகளும் ஆகும். அழுத்த உணரிகளிலிருந்து வரும் செய்தி சற்றே தளர்ந்தவுடன், சில நொடிகளுக்குள், பரிவு நரம்புகள் சிரைச் சுவர்களைச் சுருக்குகின்றன. கிடங்கில் இருந்த குருதி இதயத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. இதயத்திற்கு வரும் அளவு அவ்வளவாகக் குறையாததால், வெளியேறும் அளவும் பெரிதாகக் குறையவில்லை.

இதே வேளையில் இன்னொரு கொடை தொடங்குகிறது. செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் பத்து லிட்டருக்கும் மேற்பட்ட திசுநீர் உள்ளது. நுண்தமனிகள் சுருங்கும்போது, அவற்றை அடுத்துள்ள தந்துகிகளில் அழுத்தம் தாழ்கிறது. குருதியில் உள்ள புரதங்கள் நீரை உள்ளிழுக்கும் இயல்புடையவை. வெளியே தள்ளும் அழுத்தம் தாழ்ந்தவுடன் இந்த உள்ளிழுப்பு மேலோங்கி, திசுநீர் மெல்ல மெல்லக் குருதிக்குள் வருகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் இவ்வழியில் ஏறத்தாழ அரை லிட்டர் வரை சேரக்கூடும். உடல் தனக்குத் தானே ஏற்றிக்கொள்ளும் நீர் இது.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. இருபதாம் நிமிடத்தில் இவருடைய ஹீமோகுளோபினை அளந்தால் என்ன தெரியும்? தொடக்கத்தில் 15 கிராம் என்று கொள்வோம். சிவப்பணுவும் நீரும் ஒரே விகிதத்தில்தான் வெளியேறின. உள்ளே எஞ்சியிருப்பது 4,500 மில்லிலிட்டர். வந்து சேர்ந்த திசுநீர் 100 மில்லிலிட்டர் எனில், அளவு 14.7 ஆகத்தான் குறைந்திருக்கும். அரை லிட்டர் போயும் ஆய்வகத் தாள் இயல்பென்றே சொல்லும். திசுநீர் வந்து கலக்கக் கலக்கவே அந்த எண் இறங்கும். ஆகவே, தொடக்கத்தில் எடுத்த ஹீமோகுளோபின் அளவு இயல்பாக இருப்பது குருதியிழப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாம் கட்டம்: யாருக்குக் குறைப்பது?

ஐம்பதாம் நிமிடம். இழப்பு 1,250 மில்லிலிட்டர். நான்கில் ஒரு பங்கு. சிரைகளின் கடன் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இதயத்திற்கு வரும் குருதி குறைந்ததால், ஒவ்வொரு துடிப்பிலும் 70 மில்லிலிட்டருக்கு மாறாக 36 மில்லிலிட்டரே வெளியேறுகிறது. இதயம் வேகத்தைக் கூட்டி நிமிடத்திற்கு 112 முறை துடிக்கிறது. பெருக்கிப் பார்த்தால் ஓட்டம் 4 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இப்போது அழுத்தத்தைப் பார்ப்போம்: 108/84. சராசரி அழுத்தத்தைக் கணக்கிட்டால் 92. தொடக்கத்தில் அது 93. ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு சரிந்தும் சராசரி அழுத்தம் அசையவில்லை. நுண்தமனிகள் சுருங்கித் தடையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உயர்த்தியதே காரணம்.

இந்தச் சுருக்கம் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. தோல், தசை, குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்தமனிகளில் பரிவு நரம்புகளின் ஆட்சி வலுவானது. மூளையிலும் இதயத்திலும் அது மெலிந்தது. அங்கே குழாய்கள் தத்தம் திசுவின் தேவைக்கேற்பவே விரிகின்றன. எனவே, குறையும் ஓட்டத்தின் சுமை முதல் குழுவின் மேல் விழுகிறது. இரண்டாம் குழு காக்கப்படுகிறது. பஞ்ச காலத்தில் பெரியவர்கள் தம் சோற்றைக் குறைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு ஊட்டுவதைப் போன்ற ஏற்பாடு இது.

அறிகுறிகள் அனைத்தும் இந்த ஏற்பாட்டின் நிழல்களே. தோலுக்கு ஓட்டம் குறைந்ததால் கைகால்கள் குளிர்ந்து வெளிறுகின்றன. அதே பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளையும் தூண்டுவதால் குளிர்ந்த தோலில் வியர்வை அரும்புகிறது. நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப இரண்டு நொடிகளுக்கும் மேலாகிறது. சிறுநீரகத்திற்கு ஓட்டம் குறைவதால் சிறுநீர் குறைகிறது; எழுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே போவது கவலைக்குரியது. சிறுநீரகம் வெளியிடும் ரெனின் என்னும் பொருளிலிருந்து தொடங்கும் தொடர்வினை, குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினையும், உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோனையும் தருகிறது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி நீரைத் தேக்கும் வாசோபிரெசினை வெளியிடுகிறது. தாகமும் எழுகிறது. இவை யாவும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால், நரம்புகள் நொடிகளில் செய்வதை இவை பல நிமிடங்களிலும் மணிகளிலும் செய்கின்றன. இழந்த சிவப்பணுக்களை எலும்பு மச்சை மீண்டும் உண்டாக்க வாரங்கள் ஆகும்.

இந்தக் கட்டத்தை எண்களால் கண்டுபிடிக்க முடியுமா? மேல் அழுத்தத்தை மட்டும் பார்ப்பவர் 108 என்ற எண்ணில் ஏமாறுவார். இரண்டு நுட்பங்கள் உதவும். மேலழுத்தத்திற்கும் கீழழுத்தத்திற்கும் உள்ள இடைவெளி 40-லிருந்து 24 ஆகச் சுருங்கிவிட்டது. துடிப்புக்கு வெளியேறும் குருதி குறைந்ததையும் குழாய்கள் இறுகியதையும் அந்த இடைவெளி ஒருசேரக் காட்டுகிறது. மற்றொன்று, நாடித்துடிப்பை மேலழுத்தத்தால் வகுப்பது. தொடக்கத்தில் 72-ஐ 120-ஆல் வகுத்தால் 0.6. இப்போது 112-ஐ 108-ஆல் வகுத்தால் ஒன்றுக்கும் சற்று மேல். நலமுள்ளவரிடம் இந்த ஈவு 0.5-க்கும் 0.7-க்கும் இடையில் இருக்கும். நாடி எண் அழுத்த எண்ணைத் தாண்டும் வேளை, உடல் தன் கடைசிச் சேமிப்புகளை நோக்கிச் செல்லும் வேளையாகும்.

மூன்றாம் கட்டம்: உயிர்வளிக் கணக்கு

எழுபதாம் நிமிடம். இழப்பு 1,750 மில்லிலிட்டர். நூற்றில் 35 பங்கு. நாடி 132. துடிப்புக்கு 20 மில்லிலிட்டர். ஓட்டம் 2.6 லிட்டர், இயல்பில் ஏறத்தாழப் பாதி. அழுத்தம் 84/60. தடையை மேலும் உயர்த்தியும் அழுத்தம் இப்போது வீழ்ந்துவிட்டது. அவர் அமைதியின்றிப் புரள்கிறார். மூச்சு வேகமாக இருக்கிறது. கேள்விக்கு விடை தடுமாறுகிறது. காக்கப்பட்ட மூளைக்கும் குறை எட்டிவிட்டது என்பதன் அடையாளம் அது.

இந்தக் கட்டத்தில் ஏன் ஆபத்தின் தன்மையே மாறுகிறது என்பதை அறிய, உயிர்வளி எனப்படும் ஆக்சிஜனின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் குருதி ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் உயிர்வளியைச் சுமக்கிறது. எனவே, இயல்பான நிலையில் நிமிடத்திற்கு 1,000 மில்லிலிட்டர் திசுக்களுக்குச் செல்கிறது. அவை எடுத்துக்கொள்வது 250 மட்டுமே. நான்கில் மூன்று பங்கு பயன்படாமல் திரும்பி வருகிறது. இந்த மிச்சமே உடலின் இன்னொரு சேமிப்பு.

ஐம்பதாம் நிமிடத்தில் ஓட்டம் 4 லிட்டர். திசுநீர் கலந்ததால் லிட்டருக்கு 180 என்று கொண்டால், செல்வது 720. எழுபதாம் நிமிடத்தில் ஓட்டம் 2.6 லிட்டர், லிட்டருக்கு 160 என்று கொண்டால், செல்வது ஏறத்தாழ 420. தேவை அதே 250 எனில், நூற்றில் 60 பங்கை உறிஞ்ச வேண்டும். திசுக்களால் உறிஞ்ச இயலும் எல்லை ஏறத்தாழ அறுபதிலிருந்து எழுபது பங்கு. ஆக, இந்நிலையில் உடல் விளிம்பில் நிற்கிறது. மேலும், இது உடல் முழுவதற்குமான சராசரி. ஓட்டம் வேண்டுமென்றே குறைக்கப்பட்ட குடலும் தசையும் அந்த விளிம்பை எப்போதோ தாண்டிவிட்டன.

விளிம்பைத் தாண்டிய செல், உயிர்வளியின்றிச் சர்க்கரையைப் பாதிவழி உடைத்து வாழ முயல்கிறது. முழுமையாக எரிந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஏறத்தாழ முப்பது ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயங்களைத் தரும். இவ்வழியில் கிடைப்பது இரண்டே. கூடவே லாக்டிக் அமிலம் சேர்கிறது. குருதியில் லாக்டேட்டின் அளவு லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழே இருப்பது இயல்பு. 4-ஐத் தாண்டுவது திசுக்களின் பசிக்கு வலுவான சான்று. அழுத்தம் மறைத்ததை இந்த எண் வெளிப்படுத்துகிறது. அதனால்தான் அவசரப் பிரிவில் அதை அளக்கிறார்கள்.

அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் விபத்துச் சிகிச்சைப் பாடத்திட்டம் குருதியிழப்பை நூற்றுக்கு 15, 30, 40 என்னும் எல்லைகளால் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. நாம் கண்ட கட்டங்கள் அவ்வரிசையையே ஒட்டியவை. ஆயினும், அந்த எல்லைகள் சுவர்கள் அல்ல. இதயத்துடிப்பைத் தணிக்கும் மாத்திரை உண்ணும் முதியவரின் நாடி 80-ஐத் தாண்டாமலே அவர் சரிந்துவிடலாம். இயல்பாகவே 160 அழுத்தம் உள்ளவருக்கு 110 என்பது வீழ்ச்சி. கருவுற்ற தாயின் குருதியளவு நூற்றில் 40 பங்குக்கும் மேல் கூடியிருப்பதால், அவர் ஒரு லிட்டருக்கும் மேல் இழந்த பின்னரே அறிகுறி காட்டக்கூடும். குழந்தைகள் குழாய்களை மிக வலுவாகச் சுருக்கி அழுத்தத்தை நெடுநேரம் காத்து, பின் திடீரென வீழ்வர்.

நான்காம் கட்டம்: காவலே பகையாதல்

எண்பத்து நான்காம் நிமிடம். இழப்பு 2,100 மில்லிலிட்டர். நூற்றில் 42 பங்கு. அழுத்தம் 60-ஐ ஒட்டி நிற்கிறது. இனி இழப்பு நின்றாலும் உடல் தானாக மீள்வது அரிது. இங்கேதான் நம் மையக் கேள்வி எழுகிறது: இதுவரை காத்த ஏற்பாடுகள் ஏன் முறிகின்றன?

முதற்காரணம், சுருக்கம் என்னும் மருந்துக்கு விலை உண்டு என்பதே. நுண்தமனி சுருங்கி நிற்பதற்கு அதன் சுவரில் உள்ள தசைக்கும் ஆற்றல் வேண்டும். நெடுநேரம் பட்டினி கிடந்த திசுவில் அமிலமும் அடினோசினும் பிறவும் சேர்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு மிகுதியாகச் சுரக்கிறது. இவை அத்தசையைத் தளர்த்துகின்றன. நரம்பு “சுருங்கு” என்று ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது, தசை கேட்பதில்லை. சுருக்குவதற்குத் துணைநின்ற வாசோபிரெசினின் சேமிப்பும் பிட்யூட்டரியில் வற்றிப்போகிறது. நுண்தமனிகள் தளர்கின்றன; தடை குறைகிறது; அழுத்தம் மேலும் விழுகிறது.

இதில் ஒரு கொடிய நுட்பம் உண்டு. தந்துகியின் வாயிலில் இருக்கும் நுண்தமனி தளரும்போது, அதன் மறுபுறத்தில் உள்ள நுண்சிரை இன்னும் சில காலம் இறுகியே இருக்கிறது. குருதி உள்ளே வருகிறது; வெளியே போக வழி குறுகியிருக்கிறது. தந்துகிகளில் குருதி தேங்கி அழுத்தம் ஏறுகிறது. உயிர்வளி குன்றியதால் தந்துகியின் உட்படலமும் சிதைந்து கசியத் தொடங்குகிறது. முதற்கட்டத்தில் திசுவிலிருந்து குருதிக்குள் வந்த நீர், இப்போது குருதியிலிருந்து திசுவுக்குள் திரும்பிப் போகிறது. கடன் கொடுத்தவன் வட்டியோடு வசூலிக்கும் வேளை இது. வெளியே ஒரு துளியும் சிந்தாமலே சுற்றோட்டக் குருதி மேலும் குறைகிறது.

இரண்டாம் காரணம் இதயம். இதயத் தசைக்கு உரிய குருதி, அது சுருங்கும்போதன்று, பெரும்பாலும் அது தளரும்போதே அதன் தமனிகளில் பாய்கிறது. அப்பாய்ச்சலைத் தள்ளுவது கீழழுத்தம். துடிப்பு 72-இலிருந்து 140 ஆனால், ஒவ்வொரு துடிப்பிலும் குறைவது பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரமே. கீழழுத்தமும் விழுந்துவிட்டது. பாய்ச்சலின் நேரமும் குறைவு, உந்துதலும் குறைவு, துடிப்போ ஏறத்தாழ இருமடங்கு. இதயம் தளர்ந்தால் ஓட்டம் குறைகிறது. ஓட்டம் குறைந்தால் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் இதயத்திற்கான பாய்ச்சல் மேலும் குறைகிறது.

மூன்றாம் காரணம் உறைதல் கெடுவது. பட்டினித் திசு வெப்பத்தை உண்டாக்காது, உடல் குளிர்கிறது. குளிர்ந்த, அமிலம் மிகுந்த குருதியில் உறைவிக்கும் நொதிகள் மந்தமாகின்றன. உறைவுப் பொருள்களும் செலவாகிவிட்டன. உருவான உறைவையும் உடல் அளவுக்கு மீறிக் கரைக்கிறது. குளிர், அமிலம், உறையாமை என்னும் இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பதால் மருத்துவர்கள் இவற்றைக் கொல்லும் மும்மை என்கின்றனர். கிழிந்த மண்ணீரல் முன்பு நிமிடத்திற்கு 25 மில்லிலிட்டர் கசிந்தது. இப்போது உறைவு பிடிக்காமல் மேலும் கசியும்.

இவ்வளவும் ஒரே நேரத்தில் ஏன் பாய்கின்றன? ஒரு சிறு கணக்கால் அறியலாம். அழுத்தத்தில் 10 அலகு வீழ்ச்சி, இதயத்தைத் தளர்த்தி மேலும் 5 அலகு வீழ்த்துகிறது. அந்த 5 மேலும் இரண்டரையை வீழ்த்துகிறது என்று கொள்வோம். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 20-ஐ நெருங்கி நின்றுவிடும். அதே 10, அடுத்த சுற்றில் 12-ஐயும், அதற்கடுத்த சுற்றில் 14-ஐயும் வீழ்த்துமானால், அதற்கு நிற்குமிடமே இல்லை. முதற்கட்டங்களிலும் இந்தத் தீய சுழற்சிகள் மெல்லச் சுழன்றுகொண்டுதான் இருந்தன. நரம்புகளின் திருத்தம் அவற்றைவிட வலுவாக இருந்ததால் அவை அடங்கின. திருத்தும் கருவிகள் தம் எல்லையை எட்டியபின், சுழற்சியின் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பெரிதாகிறது. கடைசியாக, மூளையடியில் ஆணையிடும் மையமே குருதியின்றிச் செயலிழக்கிறது. அப்போது வேகமாக இருந்த நாடி மெதுவாகும். அது தேறுதல் அன்று, முடிவின் அறிகுறி.

குருதியைத் திருப்பித் தந்தால் போதாதா?

இந்த வினாவை 1940களில் கிளீவ்லாந்து நகரில் கார்ல் விகர்ஸ் என்னும் உடலியங்கியல் அறிஞர் ஆராய்ந்தார். மயக்கமூட்டிய நாய்களின் குருதியை ஒரு கலத்தில் வடித்து, அழுத்தத்தைத் தாழ்ந்த நிலையில் நெடுநேரம் நிறுத்தினார். பின்னர், வடித்த குருதி முழுவதையும் திருப்பி ஏற்றினார். அழுத்தம் உயர்ந்தது. ஆயினும், சில மணி நேரத்தில் மீண்டும் மெல்ல இறங்கி, பல நாய்கள் இறந்தன. இழந்த அளவு ஈடுசெய்யப்பட்டும் உயிர் மீளாத இந்நிலைக்குத் திரும்பவியலா அதிர்ச்சி என்று பெயர்.

காரணம் செல்லுக்குள் இருக்கிறது. ஆற்றல் தீரும்போது ஏ.டி.பி. உடைந்து, இறுதியில் அடினோசினாகச் செல்லை விட்டு வெளியேறி, யூரிக் அமிலமாக மாறிவிடுகிறது. மீண்டும் உயிர்வளி வந்தாலும் நாணயம் வார்க்க உலோகம் இல்லை. செல் அதைப் புதிதாக உண்டாக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கே. ஆற்றலின்றிச் சோடியத்தை வெளியேற்றும் எந்திரம் நின்று, செல் வீங்குகிறது. அதன் உட்பைகள் வெடித்துச் செரிப்பு நொதிகள் சிந்துகின்றன. குழாயில் நீர் மீண்டது. வயலில் பயிர் கருகிவிட்டது.

எனவே, இழந்த அளவு மட்டுமன்று, குறைவாக ஓடிய காலமும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சின் போர்முனையில் பணியாற்றிய வால்டர் கேனன் என்னும் ஆர்வர்டு பேராசிரியர், குருதிக்கசிவை அடைக்கும் முன்பே அழுத்தத்தை உயர்த்தினால், காயத்தில் பிடித்திருந்த உறைவு பெயர்ந்து குருதி மேலும் வீணாகும் என்று 1918-இலேயே எச்சரித்தார். உப்புநீரை மட்டும் லிட்டர் கணக்கில் ஏற்றினால், அழுத்தம் ஏறும்; ஆனால், குருதி நீர்த்துக் குளிர்ந்து, உயிர்வளியும் உறைவுப் பொருளும் குறையும். மீண்டும் அழுத்தத்தைக் காத்து ஓட்டத்தின் பயனை இழக்கும் அதே பிழை. இன்று கசிவை விரைந்து நிறுத்துவதும், இழந்தது குருதியாகையால் குருதியையும் அதன் உறைவுக் கூறுகளையுமே தருவதும், உடலை வெதுவெதுப்பாக வைத்திருப்பதும் முதன்மையாகக் கொள்ளப்படுகின்றன. உறைவு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தும், காயம்பட்டு மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால் இறப்பைக் குறைக்கிறது என்பது இருபதாயிரம் பேருக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி, 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வின் முடிவு.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். அவரைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது எந்த நிமிடத்தில்? எண்பத்து நான்காம் நிமிடத்தில் அன்று; ஐம்பதாம் நிமிடத்தில். அப்போது அவருடைய மேலழுத்தம் 108. பேச்சு தெளிவாக இருந்தது. ஆனால், கை குளிர்ந்திருந்தது, நெற்றி வியர்த்திருந்தது, தண்ணீர் கேட்டார், நாடி அழுத்தத்தைத் தாண்டியிருந்தது. விபத்துக்குப் பின் இவ்வறிகுறிகளைக் காண்போர், தண்ணீர் புகட்டிக் காத்திராமல், சிங்கப்பூரில் 995-ஐயும் மலேசியாவில் 999-ஐயும் அழைக்க வேண்டும். வெளியே குருதி கசிந்தால் அவ்விடத்தை விடாது அழுத்திப் பிடிக்க வேண்டும். படுக்கவைத்துப் போர்த்த வேண்டும். குளிர்ந்து வியர்த்த கை, உடல் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஈடுகட்டுகிறது என்றால், இன்னும் நேரம் இருக்கிறது என்றும், அந்த நேரம் குறைந்துகொண்டே வருகிறது என்றும் பொருள்.